டுரியான் பலகையும் கம்பரின் நான்கு இல்லைகளும்

எம்ஆர்டி நிலையத்துக்குள் நுழையும்போது ஒரு பலகை கண்ணில் படும், சிங்கப்பூரில் இருக்கிற நாம் எல்லாரும் பார்த்ததுதான். புகைபிடிக்கக் கூடாது, அபராதம் 1,000 வெள்ளி. சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி. அந்த வரிசையிலேயே ஒரு டுரியான் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், இந்தப் பழத்தை ஒரு தடவைகூடப் பார்க்காதவர், அந்தப் பலகையை மட்டும் வைத்துக்கொண்டு என்னென்ன தெரிந்துகொள்ள முடியும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி ஒரு பழம் இங்கே இருக்கிறது. அதை ரயிலில் எடுத்துப் போக ஆசைப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆகவே ரொம்பப் பிடித்த பழமாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அதில் ஏதோ தொல்லை இருக்கிறது. இவ்வளவும் அந்த ஒரு 'கூடாது'வில் இருக்கிறது. அதே பலகையில் யானையை ஏற்றக் கூடாது என்று ஏன் போடவில்லை? யாரும் யானையோடு வரவில்லை, அதனால்தான்.

எதிர்மறையில் எழுதிய கவிதையைப் படிக்க இந்தப் பலகை போதும் என்பது என் எண்ணம். ஒருவர் "இது அது இல்லை" என்று சொன்னால், அதற்கு முன்பு வேறு யாரோ "இது அதுதான்" என்று சொல்லியிருக்க வேண்டும், குறைந்தது நினைத்தாவது இருக்க வேண்டும். மறுப்பு எப்போதும் பதிலாகத்தான் வரும். கவிதையில் பதில் மட்டும் அச்சாகியிருக்கும், அந்த முதல் குரல் அச்சில் இருக்காது. அந்தக் குரலைத் தேடிப் பிடிப்பதுதான் வாசிப்பவரின் வேலை. பிடித்துவிட்டால், கவிஞர் எதை மறுக்கிறார் என்பதிலிருந்து அவருடைய காலம், அவருடைய ஊர், அவருடைய பயம் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

இதை எழுத வைத்தது என் அண்ணன் மகள். உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். என் அப்பா, அவளுக்குத் தாத்தா, இந்த ஆண்டு தொடக்கத்தில் இறந்துபோனார். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டை என் முன்னால் வைத்து, "சித்தப்பா, இது நல்லா இருக்கா?" என்று கேட்டாள். அதில் இப்படி இருந்தது:

என் தாத்தா தெய்வம் அல்ல
என் தாத்தா மலை அல்ல
என் தாத்தா கடல் அல்ல
என் தாத்தா என் உயிர்

எனக்குத் தொண்டை அடைத்தது, அது வேறு. ஆனால் அவள் கேட்டது கவிதையைப் பற்றி, அதனால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய அன்பு இந்த வரிகளில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கு விளக்கப் போய்த்தான் மூன்று பழைய பாடல்களை எடுத்தோம்.

முதலில் ஒரு சின்ன இலக்கணம். தமிழில் மறுப்பதற்கு ஒரே சொல் இல்லை, பல உண்டு. அதில் இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். 'இல்லை' என்பது இருப்பை மறுப்பது. "வீட்டில் அரிசி இல்லை" என்றால் பானை காலி. 'அன்று', 'அல்ல' என்பவை அடையாளத்தை மறுப்பவை. "இது அரிசி அல்ல" என்றால் பானையில் ஏதோ இருக்கிறது, அது அரிசியாக இல்லை, அவ்வளவுதான். பழைய வழக்கில் ஒன்றுக்கு 'அன்று', பலவற்றுக்கு 'அல்ல', ஆளுக்கு 'அல்லன்', 'அல்லள்', 'அல்லர்' என்று தனித்தனியாக வரும். இப்போது எழுதும்போது பெரும்பாலும் 'அல்ல' ஒன்றே எல்லாவற்றுக்கும் நிற்கிறது, பேசும்போது அதுவும் போய் "அது நான் இல்லை" என்கிறோம். பேச்சில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கவிதையில் இரண்டும் வேறு வேறு கதவுகள்.

சரி, 'அன்று' எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் புறநானூற்றின் 186வது பாட்டு. மோசிகீரனார் பாடியது. களைத்துப்போய் முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்டார், சேர மன்னன் அவரை வெட்டாமல் பக்கத்தில் நின்று விசிறினான் என்று ஒரு செய்தி உண்டே, அதே புலவர்தான்.

நெல்லும் உயிர் அன்றே; நீரும் உயிர் அன்றே;
மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்;
அதனால், யான் உயிர் என்பது அறிகை
வேல்மிகு தானை வேந்தற்குக் கடனே.

நெல்லும் உயிர் இல்லை, நீரும் உயிர் இல்லை, இந்த அகன்ற உலகத்துக்கு மன்னன்தான் உயிர், ஆகவே நான்தான் உயிர் என்று தெரிந்துகொள்வது வேல் நிறைந்த படையை வைத்திருக்கிற வேந்தனின் கடமை. இவ்வளவுதான் பாட்டு, நான்கே வரி.

முதல் வரியில் 'அன்றே' இருப்பதைக் கவனியுங்கள். அங்கே 'இல்லை' வந்து, "நெல்லும் இல்லை, நீரும் இல்லை" என்று இருந்தால் அது பஞ்சத்தைப் பற்றிய பாட்டு. 'அன்றே' என்றதால் நெல் இருக்கிறது, நீரும் இருக்கிறது, வயல் விளைந்துதான் கிடக்கிறது. அப்படி இருந்தும் அவை உயிர் கிடையாது என்கிறார். இப்போது டுரியான் கேள்வியைக் கேட்போம். நெல்லும் நீரும்தான் உயிர் என்று சொன்னது யார்? எல்லாரும்தான். இதே புறநானூற்றில் 18வது பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்று நேராகவே சொல்கிறார். நீரையும் நிலத்தையும் சேர்த்து வைத்தவர்கள்தான் உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள், போய் நீர்நிலை கட்டு என்று அந்தப் பாட்டு மன்னனைத் தூண்டுகிறது. மோசிகீரனார் அந்தப் பாட்டுக்கு நேராகப் பதில் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண்ணம் காற்றில் இருந்தது, கேட்கிற ஒவ்வொருவர் மனத்திலும் இருந்தது. ஊரே நம்புகிற ஒன்றை மறுக்கிறார். அதனால்தான் முதல் வரியிலேயே கேட்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. நெல் ஒரு கதிர்கூட விளையாத, தண்ணீரை அண்டை நாட்டோடு 1962ல் போட்ட ஒப்பந்தப்படி இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிற இந்தத் தீவில் "நீரும் உயிர் அன்றே" என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதே அதிர்ச்சிதான் அன்றைக்கும்.

இன்னொன்று, அந்த 'உம்'. "நெல் உயிர் அன்று" என்று சொல்லவில்லை, "நெல்லும்" என்கிறார். நெல்லின் பெருமையை ஒத்துக்கொண்டு, அதுகூட இல்லை என்று சொல்கிற 'உம்' இது. அப்புறம் மூன்றாவது வரியில் பாட்டு திரும்புகிறது. அதுவரை மன்னனைப் புகழ்கிறார் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்போம். "அறிகை... கடனே" என்றதும் புகழ்ச்சி பாரமாக மாறுகிறது. நெல்லும் நீரும் உயிராக இருந்திருந்தால், பஞ்சம் வந்தபோது மன்னன் மழையைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வழியை இரண்டு 'அன்றே' அடைத்துவிட்டன. மறுப்பு வெளிக்கொண்டு வருவது இதைத்தான், யார் எதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை.

இப்போது என் அண்ணன் மகளின் நோட்டுக்குத் திரும்பினால், அவளுக்குத் தெரியாமலே அவள் மோசிகீரனாரின் அச்சில் எழுதியிருக்கிறாள். இது உயிர் இல்லை, அது உயிர் இல்லை, இதுதான் உயிர் என்கிற அதே நடை. ஆனால் தாத்தாவை மலை என்று யார் சொன்னார்கள்? கடல் என்று? யாரும் சொல்லவில்லை. அது யானை ஏற்றக் கூடாது என்கிற பலகை. மேடைப் பேச்சிலும் விளம்பரத்திலும் நாம் தினமும் கேட்கிற "இது வெறும் கட்டடம் அல்ல", "இது வெறும் நகை அல்ல" என்பதெல்லாம் இந்த ரகம்தான். வெறும் கட்டடம் என்று யாரும் சொல்லாதபோது அதை மறுத்து என்ன பயன்? இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மறுப்பை எடுத்துவிட்டு அந்த வரியை உரக்கச் சொல்லிப் பாருங்கள். "நெல்தான் உயிர்" என்று சொன்னால் ஒரு விவசாயி தலையாட்டுவார். "என் தாத்தா கடல்" என்று சொன்னால் தலையாட்ட ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் மறுப்பு வெறும் ஓசையாகத்தான் நிற்கும்.

அவளுக்கு இது புரிந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. "அப்ப 'இல்லை'ன்னு வர்ற பாட்டு?" என்று கேட்டாள். அதற்குக் கம்பரை விட்டால் வேறு யார். பால காண்டத்தில், நாட்டுப் படலத்தில், கோசல நாட்டைப் பற்றிச் சொல்லும்போது வருகிற பாட்டு:

வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்;
திண்மை இல்லை நேர் செறுநர் இன்மையால்;
உண்மை இல்லை பொய் உரை இலாமையால்;
வெண்மை இல்லை பல் கேள்வி மேவலால்.

இதை நிதானமாக, முதல் தடவை கேட்பவர் போலக் கேட்க வேண்டும். வரியின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். "வண்மை இல்லை." வண்மை என்றால் கொடை. தசரதன் ஆளுகிற நாட்டைப் புகழ வந்தவர், அங்கே கொடையே கிடையாது என்று தொடங்குகிறார். அப்புறம் காரணம் வருகிறது: வறுமை இல்லாததால். வாங்க ஆள் இல்லை, அதனால் கொடுக்கவும் ஆள் இல்லை. திண்மை, அதாவது உடல் வலிமை, அதுவும் இல்லை, எதிர்த்து வர ஒரு பகைவன் இல்லாததால். மூன்றாவதுதான் உச்சம். "உண்மை இல்லை" என்று ஒரு நாட்டைப் பற்றிச் சொன்னால் அதைவிடப் பெரிய வசை கிடையாது. ஆனால் காரணம், பொய் பேசுகிறவர்கள் இல்லாததால். எல்லாரும் எப்போதும் உண்மையே பேசினால் "அவர் உண்மை பேசுகிறவர்" என்று ஒருவரைத் தனியாகக் காட்ட வழியே இல்லை, அந்தச் சொல்லுக்கே அங்கே வேலை இல்லை.

முதல் மூன்று வரியிலும் இரண்டிரண்டு மறுப்பு இருக்கிறது பாருங்கள், முதலில் ஒரு 'இல்லை', பின்னால் ஒரு 'இன்மையால்' அல்லது 'இலாமையால்'. முதல் மறுப்பு நம்மைத் திடுக்கிட வைக்கிறது, இரண்டாவது அதைத் தீர்த்து வைக்கிறது. நடுவில் இருக்கிற அந்த ஒரு நொடிதான் கவிதை. என் அண்ணன் மகள் வாய்விட்டுப் படித்தபோது "உண்மை இல்லை" என்றதும் நின்றுவிட்டு என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வைக்காகத்தான் கம்பர் வரியை அப்படி உடைத்து வைத்தார் என்று எனக்குத் தோன்றியது.

நான்காவது வரியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. வெண்மை என்றால் இங்கே நிறம் கிடையாது, அறியாமை. பலவகைக் கேள்வியறிவு பொருந்தியிருப்பதால் அறியாமை இல்லை என்கிறது வரி. நல்ல கருத்துதான், ஆனால் முதல் மூன்று வரியின் நடையிலிருந்து விலகிவிட்டது. அந்த மூன்றும் ஒரு நல்ல குணத்தை இல்லை என்று சொல்லித் திடுக்கிட வைத்தன. இது ஒரு கெட்ட குணத்தை இல்லை என்கிறது. நல்ல நாட்டில் அறியாமை இல்லை என்றால் யார் திடுக்கிடப் போகிறார்கள்? இந்த வரிக்கு இன்னொரு பாடமும் உண்டு: "ஒண்மை இல்லை பல் கேள்வி ஓங்கலால்." ஒண்மை என்றால் அறிவின் ஒளி, ஒருவரைத் தனித்துக் காட்டுகிற சிறப்பு. எல்லாரும் நிறையக் கேட்டுக் கற்றவர்கள், அதனால் யாரும் தனியாக ஒளிரவில்லை. இப்படிப் படித்தால் நான்கு வரியும் ஒரே நடையில் போகின்றன.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, அதற்குக் காரணமும் கம்பரிடமே கிடைக்கிறது. அடுத்து வருகிற நகரப் படலத்தில் அயோத்தியைப் பற்றிச் சொல்லும்போது, "கல்லாது நிற்பார் பிறர் இன்மையின் கல்வி முற்ற வல்லாரும் இல்லை" என்கிறார். கல்லாதவர் யாரும் இல்லை, ஆகவே கல்வியில் வல்லவர் என்று தனியாகவும் யாரும் இல்லை. அந்தப் பாட்டின் கடைசி வரி இன்னும் ஒரு படி மேலே போகிறது: "இல்லாரும் இல்லை, உடையார்களும் இல்லை மாதோ." இல்லாதவரும் இல்லை, இருப்பவரும் இல்லை. ஏழை, பணக்காரர் என்ற இரண்டு சொல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை, ஒன்று போனால் மற்றதும் விழும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? நாட்டுப் படலப் பாட்டின் நான்காவது வரியும் இதே எண்ணத்தில்தான் பிறந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். 'வெண்மை' என்று படிக்கிறவர்களைத் தவறு என்று சொல்ல மாட்டேன், அறியாமை இல்லை என்று முடிவதில் ஓர் அமைதி இருக்கிறது, அதுவும் உண்மைதான்.

இப்போது அதே பழைய கேள்வி. இந்த 'இல்லை'களுக்கு முன்னால் 'உண்டு' என்று சொன்ன குரல் யாருடையது? கோசலத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை. சொன்னது கம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாழ்க்கை. கொடை பெரிய புகழ் என்று நினைத்த சமூகம் அது, ஏனென்றால் கையேந்துகிறவர்கள் இருந்தார்கள். வீரம் பெரிய புகழ், ஏனென்றால் பகை இருந்தது. வறுமை, பகை, பொய், இந்த மூன்றையும் வரிசையாக அடித்துவிட்டுத்தான் ஒரு நல்ல நாட்டை அவரால் வரைய முடிகிறது. அடித்த சொற்கள் அடித்த பிறகும் பக்கத்தில் தெரிகின்றன, சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் டுரியான் தெரிகிற மாதிரி. கோசலத்தைப் பற்றிய பாட்டு என்று படித்துக்கொண்டே போனால், கேட்டவர்களின் ஊரைப் பற்றி அது சொல்லிக்கொண்டிருப்பது தெரியும். இதே பொருளை நேர்மறையாக, "எல்லாரும் செல்வர், எல்லாரும் உண்மையாளர்" என்று பாடியிருந்தால் அது வெறும் வாழ்த்தாகப் போயிருக்கும். அதோடு, கொடையைப் புகழ்ந்து பாடியே வாழ்ந்த ஒரு புலவர் மரபில் வந்தவர், கொடை தேவைப்படாத நாடுதான் நல்ல நாடு என்று சொல்வதில் இருக்கிற துணிச்சலும் கிடைத்திருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எதிர்மறை வரிகளை அடுக்குவது ரொம்பச் சுலபம், ஏனென்றால் ஒரு பொருள் என்னவாக இல்லை என்பதற்குக் கணக்கே கிடையாது. கம்பர் நான்கு வரியில் நிறுத்தினார், மோசிகீரனார் இரண்டே மறுப்பில். ஐந்தாவது, ஆறாவது என்று போகப் போக, படிப்பவருக்கு அடுத்து வருவது முன்பே தெரிந்துவிடும், அப்போது திடுக்கிடல் போய் அடுக்கு மட்டும் மிஞ்சும். மோசிகீரனார் மூன்றாவது வரியில் திரும்பியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நோட்டுக்கு வருவோம். அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "தாத்தாவைப் பத்தி யார் என்ன சொன்னாங்க? உனக்குப் பிடிக்காத மாதிரி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள், கீழே வாய்ட் டெக்கில் அவரைக் கிடத்தியிருந்தபோது வந்தவர்களில் நிறையப் பேர் "தூங்குற மாதிரியே இருக்காரு" என்று சொன்னார்களாம். அது அவளுக்குக் கோபமாக இருந்ததாம். "தாத்தா அப்படித் தூங்க மாட்டாரு சித்தப்பா. ஒருக்களிச்சுத்தான் படுப்பாரு. குறட்டை விடுவாரு."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவளுக்கு வேண்டிய முதல் குரல் கிடைத்துவிட்டது. யாரோ ஒருவர் நிஜமாகவே சொன்ன ஒன்று, அவளால் தாங்க முடியாத ஒன்று, அதை மறுக்க அவளிடம் சான்றும் இருக்கிறது. அன்று மாலை அவள் எழுதியது:

தாத்தா தூங்கவில்லை,
தூங்கினால் ஒருக்களித்துப் படுப்பார்.
தாத்தா கீழே இறங்கவில்லை,
கோப்பிக் கடையில் யாரும்
'ஓ கோசோங்' என்று கத்தவில்லை.
ஆறு மணிக்கு வானொலி
செய்தி சொல்லவில்லை.
தாத்தா இல்லை.

பாலும் வேண்டாம் சர்க்கரையும் வேண்டாம் என்று கேட்பதுதான் 'கோப்பி ஓ கோசோங்', இங்கே தெரியாதவர் இல்லை. வேண்டாததைச் சொல்லியே ஒரு கோப்பியை வரவழைக்கிறோம். சர்க்கரை நோய் வந்த பிறகு அப்பா பத்து வருடத்துக்கு மேல் அதைத்தான் குடித்தார், அந்தக் கடைக்காரர் அவர் தலையைப் பார்த்ததுமே கலக்க ஆரம்பித்துவிடுவார், இருந்தாலும் கத்தித்தான் சொல்வார். அவள் அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

முதல் கவிதையில் இருந்தது எல்லாம் 'அல்ல'. இதில் ஒரு 'அல்ல'கூடக் கிடையாது. தாத்தா யார், எதைப் போன்றவர் என்ற பேச்சையே விட்டுவிட்டு, என்னென்ன நடக்கவில்லை என்பதற்குப் போய்விட்டாள். கடைசி வரி மட்டும் எனக்கு உறுத்தியது. அதற்கு மூன்றாவது பாட்டை எடுத்தேன், குறுந்தொகையில் 25வது, கபிலர் பாடியது:

யாரும் இல்லை, தானே கள்வன்;
தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறு பசுங்கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

களவில் கூடிய தலைவன் திருமணத்தைத் தள்ளிப் போடுகிறான், தலைவி தோழியிடம் சொல்கிறாள். அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? "யாரும் இல்லை" என்று அவ்வளவு உறுதியாகத் தொடங்கியவள், கடைசியில் ஒன்றை நினைத்துக்கொள்கிறாள். ஒரு குருகு இருந்தது. தினைத்தாள் போல மெல்லிய பசிய கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. பீஷான் பூங்காவில் ஆற்றோரம் அசையாமல் நிற்கிற கொக்கைப் பார்த்திருந்தால் அந்தக் குருகின் பார்வை தெரியும், நாம் பக்கத்தில் போனாலும் அதன் கண் தண்ணீரில்தான் இருக்கும். அது சாட்சி சொல்லாது. அது அங்கே இருந்தும் பயன் இல்லை. ஆனால் அந்த ஒரு 'உண்டு' வந்த பிறகுதான் 'யாரும் இல்லை' என்பதன் ஆழம் தெரிகிறது, அந்த இடம் கண் முன்னால் வருகிறது, தண்ணீர் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. வெறும் 'இல்லை'யோடு முடிந்திருந்தால் அது புலம்பலாக நின்றிருக்கும்.

அவள் ரொம்ப நேரம் அந்தப் பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குருகும் உண்டு" என்பதன் கீழே பென்சிலால் கோடு போட்டாள். பிறகு நோட்டை எடுத்து "தாத்தா இல்லை" என்ற வரியை அடித்தாள். நான் அடிக்கச் சொல்லவில்லை. "ஏன்?" என்று கேட்டேன். யாராவது போனில் கூப்பிட்டுத் தாத்தாவைக் கேட்டால் "தாத்தா இல்லை" என்றுதான் அவள் எப்போதும் சொல்வாளாம், கீழே போயிருக்கிறார் என்ற பொருளில். அதே இரண்டு சொல்லை இதற்கும் எழுத அவளுக்கு மனம் இல்லை.

அந்த இடம் இரண்டு நாள் காலியாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி எனக்கு ஒரு படம் அனுப்பினாள், நோட்டின் அந்தப் பக்கம். அடித்த வரிக்குக் கீழே புதிதாக இரண்டு வரி இருந்தது.

வெளியே மழை.
அவர் குடை கதவருகே இருக்கிறது.